பல வடிவத் தேதிகளை ஒரே வடிவத்துக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பத்திரங்கள், ரசீதுகள், ஜாதகங்கள் எல்லாவற்றையும் பட்டியலிடுகிறேன். தேதியை எந்த வடிவத்தில் எழுதி வைப்பது நல்லது?

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், இடையில் சிறுகோடிட்டு எழுதுங்கள். 1950 ஜனவரி 18 என்பது `1950-01-18` ஆகும். இது ஐ.எஸ்.ஓ 8601 என்னும் பன்னாட்டுத் தர வடிவம். ஆண்டு நான்கு இலக்கங்களிலும், மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கங்களிலும் இருக்க வேண்டும். பெரிய அலகு முன்னால் வருவதால், வெறும் எழுத்துச்சரமாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை கலையாமல் நிற்கும்.

ஆனால் இந்த ஒரு நெடுவரிசை மட்டும் போதாது. ஆவணத்தில் கண்ட தேதியை எழுத்துப் பிசகாமல் ஒரு நெடுவரிசையிலும், மாற்றிய தேதியை இன்னொன்றிலும், எந்த ஆதாரத்தைக் கொண்டு மாற்றினீர்கள் என்ற குறிப்பை மூன்றாவதிலும் வையுங்கள். மூலத் தேதியை அழித்துவிட்டு மாற்றிய தேதியை மட்டும் வைத்திருப்பவர், பின்னாளில் ஒரு பிழை தெரியவந்தால் அத்தனை ஆவணங்களையும் மீண்டும் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.

05/04/1962 என்று இருக்கிறது. ஏப்ரல் 5 என்று எடுப்பதா, மே 4 என்று எடுப்பதா?

அந்த ஒரு தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. இரண்டு எண்களும் 12 அல்லது அதற்குக் கீழாக இருந்து, ஒன்றுக்கொன்று வேறாகவும் இருந்தால் இந்தக் குழப்பம் எழும். ஓர் ஆண்டில் அப்படிப்பட்ட தேதிகள் 132 உள்ளன (மாதத்துக்கு 12 வீதம் 144, அவற்றில் 01/01, 02/02 போன்ற 12 தேதிகளை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான்). ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குத் தேதிகள் ஐயத்துக்கு உரியவை என்பதால், இதை அரிதான சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது.

விடை அந்தத் தேதி வந்த தொகுப்பில் இருக்கும். ஒரே கையால், அல்லது ஒரே அலுவலகத்தில் எழுதப்பட்ட மற்றத் தேதிகளைப் பாருங்கள். அவற்றுள் 23/04/1962 என்று ஒன்று இருந்தாலும் அந்தத் தொகுப்பு நாளை முதலில் எழுதுவது என்று தெரிந்துவிடும். 04/23/1962 என்று இருந்தால் மாதம் முதலில் வருகிறது. இரண்டு வகையும் ஒரே தொகுப்பில் கலந்திருந்தால் அது ஒரு தொகுப்பே அன்று; எங்கோ இரண்டு மூலங்களைச் சேர்த்திருக்கிறார்கள். முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள்.

வரிசை எண் உள்ள ரசீதுகளும் பதிவேடுகளும் இன்னும் உறுதியான சாட்சிகள். 211-ஆம் ரசீது 28/03/1962 என்றும், 213-ஆம் ரசீது 16/04/1962 என்றும் இருந்தால், இடையில் உள்ள 212-ஆம் ரசீதின் 05/04/1962 ஏப்ரல் 5 ஆகத்தான் இருக்க முடியும். மே 4 என்று படித்தால் வரிசை முன்னே போய்ப் பின்னே திரும்பும்.

எக்செல்லில் கோப்பைத் திறந்தவுடன் சில தேதிகள் மாறிவிட்டன, சில அப்படியே நிற்கின்றன. என்ன நடந்தது?

கணினியின் வட்டார அமைப்பு மாதம் முதலில் என்று இருந்திருக்கிறது. உங்கள் கோப்போ நாளை முதலில் எழுதியிருக்கிறது. எக்செல் 05/04/1962 என்பதை மே 4 என்று எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு வரிசை எண்ணாக மாற்றிவிட்டது. 25/04/1962 என்பதில் 25 என்ற மாதம் இல்லாததால், அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. கண்ணுக்குத் தவறாகத் தெரிவது இரண்டாவது வகை. உண்மையில் கெட்டுப்போனது முதல் வகை.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. நீங்கள் சீரமைப்பை மாற்றாதவரை, தேதியாக மாறியவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியும், எழுத்தாக நிற்பவை இடப்பக்கம் ஒட்டியும் இருக்கும். அதைவிட உறுதியான அடையாளம், தேதியாக மாறிய அத்தனையிலும் நாள் எண் 12-ஐத் தாண்டவே தாண்டாது என்பது. நூற்றுக்கணக்கான தேதிகள் இருந்தும் அவற்றுள் ஒன்றுகூட 12-ஆம் நாளுக்கு மேல் இல்லை என்றால், அவை நாளும் மாதமும் இடம் மாறியவை என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

மூலக் கோப்பு கைவசம் இருந்தால் சரிசெய்ய முயலாமல், அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று குறிப்பிட்டு மீண்டும் இறக்குமதி செய்வதே நல்லது. மூலம் இல்லையென்றால், தேதியாக மாறியவற்றில் மட்டும் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுங்கள். எழுத்தாக நிற்பவற்றை நாள் முதலில் என்று படியுங்கள். இரண்டுக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டால், சரியாக இருந்த பாதியும் கெட்டுப்போகும்.

தேதியைத் தானாகவே புரிந்துகொள்ளும் நிரல்கள் இருக்கின்றனவே, அவற்றிடம் விட்டுவிடலாமா?

விடக்கூடாது என்பதே என் கருத்து. பைத்தானில் பலர் பயன்படுத்தும் `dateutil` கருவி 05/04/1962 என்பதை மே 4 என்று படிக்கும். அடுத்த வரியில் 25/04/1962 வந்தால், ஒரு சொல்லும் சொல்லாமல் முறையை மாற்றிக்கொண்டு ஏப்ரல் 25 என்று படிக்கும். `pandas` கருவியில் `dayfirst=True` என்று கொடுப்பதும் கண்டிப்பான கட்டளை ஆகாது. அது ஒரு விருப்பம் மட்டுமே என்று அதன் கையேடே சொல்கிறது. நீங்கள் பார்க்காத இடத்தில் ஊகிக்கும் கருவியைவிட, பொருந்தாத தேதி வந்தால் பிழை காட்டி நின்றுவிடும் கருவிதான் இந்த வேலைக்கு ஏற்றது. ஆகவே, தொகுப்பின் வடிவத்தை முதலில் நீங்கள் முடிவுசெய்து, அதை வெளிப்படையாக எழுதுங்கள்:

```python
from datetime import datetime
d = datetime.strptime("25/04/1962", "%d/%m/%Y")
print(d.date().isoformat())   # 1962-04-25
```

04/25/1962 என்று ஒரு வரி வந்தால் இந்த நிரல் `ValueError` காட்டும். அந்த வரியைத் தனியே எடுத்து வைத்து, ஆவணத்தைக் கண்ணால் பாருங்கள். ஆண்டு இரண்டே இலக்கங்களில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. `%y` என்னும் குறி 69 முதல் 99 வரை உள்ளவற்றை 1900-களிலும், 00 முதல் 68 வரை உள்ளவற்றை 2000-களிலும் வைக்கும். 25-4-62 என்ற பழைய ரசீது 2062-ஆம் ஆண்டுக்குப் போய்விடும்.

‘விரோதி வருஷம் தை மாதம் 5ந் தேதி புதன்கிழமை’ என்று மட்டும் ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆங்கிலத் தேதி எங்கும் இல்லை. இதை எப்படி மாற்றுவது?

தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது. பிரபவ முதல் அட்சய வரை முடிந்ததும் மீண்டும் தொடங்குபவை. இப்போதைய சுற்றின் பிரபவ 1987 ஏப்ரலில் தொடங்கியது. விரோதி அந்த வரிசையில் 23-ஆவது. எனவே 1987-உடன் 22-ஐக் கூட்ட 2009 கிடைக்கிறது. ஆகவே விரோதி ஆண்டு 2009 ஏப்ரலிலும், அதற்கு 60 ஆண்டுகள் முன்பு 1949 ஏப்ரலிலும், அதற்கும் முன்பு 1889 ஏப்ரலிலும் தொடங்கியிருக்கிறது.

அடுத்த படியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். விரோதி 1949-இல் தொடங்குகிறது என்பதால் தை மாதத்தையும் 1949-இல் வைத்துவிடுகிறார்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிகிறது. ஜனவரி முதல் தேதி மார்கழி 17-ஐ ஒட்டி வருகிறது. எனவே மார்கழியின் பின்பாதியும், தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களும் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேர்ந்தவை. நம் ஒப்பந்தத்தின் தை 1890, 1950, 2010 ஆகிய ஆண்டுகளில் ஒன்றின் ஜனவரியில் விழ வேண்டும்.

இனி நாள். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தை முதல் நாள் ஜனவரி 13 அல்லது 14. எனவே தை 5 என்பது ஜனவரி 17 அல்லது 18. 2010-இல் தை முதல் நாள் ஜனவரி 14, எனவே தை 5 ஜனவரி 18. 1890-இல் அது இன்னும் ஒன்றிரண்டு நாள் முந்தி, ஜனவரி 16 அல்லது 17-இல் விழும். பஞ்சாங்கத்தைத் தேடி எடுப்பதற்கு முன்பே, ஆவணம் தந்திருக்கும் கிழமையைக் கொண்டு இவற்றைச் சலித்துவிடலாம்:

```python
from datetime import date
for y in (1890, 1950, 2010):
    for n in (16, 17, 18):
        d = date(y, 1, n)
        print(d, d.isoweekday())   # 1 = திங்கள், 3 = புதன்
```

1890-இல் அந்த மூன்று நாள்களும் வியாழன், வெள்ளி, சனி. 2010-இல் சனி, ஞாயிறு, திங்கள். 1950-இல் திங்கள், செவ்வாய், புதன். ஒன்பது தேதிகளில் புதன்கிழமை ஒன்றே ஒன்றுதான்: `1950-01-18`. ஐயமிருந்தால் நிரல் இல்லாமலேயே சரிபார்க்கலாம். இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26 வியாழக்கிழமை. அதிலிருந்து எட்டு நாள் பின்னே போனால் புதன்.

கிழமையே எழுதப்படாமல் இருந்தால், நூற்றாண்டை ஆவணத்தின் உள்ளடக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். வருவாய்த் துறை ஆவணங்களில் பசலி ஆண்டு இருந்தால் வேலை எளிது. பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அதனுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1359 என்றால் 1949 ஜூலை முதல் 1950 ஜூன் வரை. நம் தேதி அதற்குள் அடங்குகிறது. நாளில் மட்டும் ஒரு நாள் ஐயம் எஞ்சினால் அதை அப்படியே ஐயமாகப் பதியலாம்; அதைப் பின்னால் சொல்கிறேன்.

சித்திரை 1 என்றால் ஏப்ரல் 14. அதிலிருந்து எண்ணிக் கணக்கிட்டால் போதாதா?

அண்மை ஆண்டுகளுக்கு ஓரளவு போதும். பழைய ஆவணங்களுக்குப் போதாது. தமிழ் நாள்காட்டி விண்மீன் பின்னணியில் சூரியனின் நகர்வைப் பின்பற்றுகிறது. அதன் ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளம். இந்த வேறுபாடு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒரு நாளாகத் திரள்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 11 அல்லது 12-இல் வந்ததற்கு இதுவே காரணம். அந்தக் காலத்து ஓலையையோ பத்திரத்தையோ ஏப்ரல் 14 என்ற கணக்கில் மாற்றினால் இரண்டு மூன்று நாள் பிசகும்.

மாதங்களின் நீளமும் நிலையானதன்று. ஆனி 32 நாள் வரை நீளும்; மார்கழி 29 நாளிலும் முடியும். அதே மாதம் ஓர் ஆண்டில் 31 நாளும் மற்றோர் ஆண்டில் 32 நாளும் கொள்ளலாம். சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம் மறைவுக்கு முன் வந்தால் அன்றே மாதம் பிறக்கும், பின் வந்தால் மறுநாள் பிறக்கும் என்பது தமிழ்நாட்டு வழக்கு. நுழையும் நேரத்தை வாக்கியப் பஞ்சாங்கம் ஒருவிதமாகவும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறுவிதமாகவும் கணிக்கின்றன. அந்த நேரம் மாலையை ஒட்டி வரும் மாதங்களில் இரு பஞ்சாங்கங்களும் ஒரு நாள் வேறுபடக்கூடும். எனவே, எந்தச் சூத்திரத்தின் விடையையும் ‘ஒரு நாள் முன்பின்’ என்றே வைத்துக்கொண்டு, அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தாலோ கிழமையாலோ உறுதிசெய்யுங்கள். ஒரு நாள் பிசகினால் கிழமை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பத்திரத்தில் இரண்டு தேதிகளும் இருக்கின்றன. ஆனால் அவை ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

‘1950ம் வருஷம் ஜனவரி மாதம் 18ந் தேதிக்குச் சரியான விரோதி வருஷம் தை மாதம் 5ந் தேதி’ என்று எழுதும் வழக்கமே நமக்குக் கிடைத்த பெரிய வசதி; ஒன்று மற்றதைச் சரிபார்க்கிறது. ஒத்துப்போகாதபோது எவ்வளவு பிசகு என்று பாருங்கள்.

பிசகு ஒரு நாள் என்றால், முன்பு சொன்ன பஞ்சாங்க வேறுபாடாக இருக்கலாம். அங்கே ஆங்கிலத் தேதியை ஏற்றுக்கொண்டு, வேறுபாட்டைக் குறிப்பில் எழுதினால் போதும். பிசகு ஓர் ஆண்டு என்றால், மாதம் ஜனவரியா என்று பாருங்கள். ஆண்டு பிறந்த புதிதில் பழைய ஆண்டையே எழுதிவிடுவது எழுத்தர்களுக்கும் உண்டு. அத்தகைய இடத்தில் தமிழ் ஆண்டுப் பெயர் நம்பத்தக்கது. ஏனெனில் அது ஏப்ரலில்தான் மாறுகிறது, ஜனவரியில் கை தவற இடமில்லை.

பதிவான பத்திரமானால் இன்னொரு சோதனையும் உண்டு. எழுதிக் கையொப்பமிட்ட தேதியும் பதிவுத் தேதியும் வேறு வேறு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, பத்திரத்தை எழுதி முடித்த நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. நீங்கள் கண்ட எழுத்துத் தேதி பதிவுத் தேதிக்குப் பின்னால் வந்தாலோ, ஓராண்டு முன்னால் போனாலோ மாற்றியதில் பிழை இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு தேதிகளையும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடாதீர்கள்.

பழைய தாள்களில் தமிழ் எண்களும், ‘1949ளு தை மீ’ போன்ற விளங்காத எழுத்துகளும் வருகின்றன.

அவை ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றின் குறிகள்: ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள். இவை தட்டச்சிலும் படியெடுப்பிலும் ‘ளு’, ‘மீ’, ‘உ’ என்று உருமாறி வரும். தமிழ் எண்களிலும் இதே தொல்லை உண்டு. ௧ ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௭ ‘எ’ போலவும் இருப்பதால், படத்திலிருந்து எழுத்தெடுக்கும் மென்பொருள் எண்ணை எழுத்தாக்கிவிடும். தேதி வரும் இடத்தில் தனி எழுத்து நின்றால் அதை எண்ணாகப் படித்துப் பாருங்கள்.

எண்களை எழுதும் முறை இரண்டு. ௧௫ என்று இடமதிப்பில் எழுதினாலும், ௰௫ என்று பத்தின் குறியோடு எழுதினாலும் 15 தான். பைத்தானில் `int("௧௫")` நேரடியாக 15 தரும். `int("௰௫")` பிழை காட்டும். ஆகவே ௰-ஐ முதலில் பிரித்துவிட வேண்டும்: முன்னால் எண் இருந்தால் அதைப் பத்தால் பெருக்குங்கள், இல்லையென்றால் பத்து என்று கொள்ளுங்கள், பின்னால் உள்ளதைக் கூட்டுங்கள். ௨௰௫ என்றால் 25.

திருவள்ளுவர் ஆண்டு என்று போட்டிருந்தால்?

31-ஐக் கழியுங்கள். திருவள்ளுவர் ஆண்டு 2055 என்பது 2024.

ஜாதகத்தில் கிழமையும் தமிழ்த் தேதியும் சரியாகப் பொருந்துகின்றன. ஆனால் மருத்துவமனைச் சான்றிதழில் மறுநாள் தேதி இருக்கிறது. யார் தவறு?

இருவரும் சரியாக எழுதியிருக்கக்கூடும். ஜாதகத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. சான்றிதழில் நள்ளிரவில் தொடங்குகிறது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு நாள் வேறுபாடு வந்தே தீரும்.

உதயாதி நாழிகை என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். தை 5 புதன்கிழமை, உதயாதி நாழிகை 52 என்றால், உதயத்திலிருந்து 1248 நிமிடம், அதாவது 20 மணி 48 நிமிடம் கழிந்திருக்கிறது. உதயம் காலை 6:30 என்று கொண்டால் பிறந்த நேரம் அதிகாலை 3:18. ஜாதகத்துக்கு அது இன்னும் புதன். சான்றிதழுக்கு வியாழன் ஆகிவிட்டது. எனவே பதிய வேண்டிய தேதி `1950-01-19`. நாழிகை ஏறக்குறைய 44-ஐத் தாண்டும் ஜாதகங்களை எல்லாம் இப்படி ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

நாள் அழிந்துபோய், ‘விரோதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் தெரிகிறது. 1950-01-01 என்று போட்டுவிடலாமா?

போடக்கூடாது. அப்படிப் போட்டால் அது உண்மையிலேயே ஜனவரி முதல் தேதி எழுதியதாகவே பின்னால் படிப்பவர் கொள்வார். அதைவிட, அந்த நாள் மார்கழியில் வருவதால் தேதியே தவறு. ஆங்கில மாதத்தோடு பொருந்தும் குறைத் தேதியை `1950-01` என்று நாள் இல்லாமலேயே எழுதலாம். ஆனால் தை மாதம் ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடிவதால், இங்கே அதுவும் பொருந்தாது. தொடக்கமும் முடிவும் தந்து `1950-01-14/1950-02-12` என்று இடைவெளியாக எழுதுங்கள்; முடிவு நாளைப் பஞ்சாங்கத்தில் பார்க்க இயலாதபோது ஒரு நாள் விட்டுப்பிடித்துக் குறிப்பில் சொல்லுங்கள்.

இரண்டு நாள்களில் ஒன்று என்ற அளவில் ஐயம் இருந்தால், 2019-இல் வெளியான ஐ.எஸ்.ஓ 8601-2 என்னும் விரிவாக்கத்தில் அதற்கு வழி உண்டு: `[1950-01-17,1950-01-18]` என்றால் ‘இவற்றுள் ஏதோ ஒன்று’ என்று பொருள். `1950-01-18?` என்றால் ‘இது என்று கருதுகிறோம், உறுதியில்லை’ என்று பொருள். இந்தக் குறிகளை எக்செல் போன்றவை தேதியாக ஏற்காது. ஆகவே அந்த நெடுவரிசையை உரையாகவே வைத்துக்கொண்டு, வரிசைப்படுத்துவதற்காக முதல் நாள், கடைசி நாள் என இரண்டு தேதி நெடுவரிசைகளைத் தனியே சேருங்கள்.